ஜூலை ஒன்றிலிருந்து பணம் இங்கே கட்டுங்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள், ஐந்து மாடிகள், ஒரே ஒரு லிஃப்ட். குடியிருப்போர் சங்கத்துக்கு நான் இரண்டு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். லிஃப்டைப் பராமரிக்கும் நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் அனுப்பும். 9,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,620, ஆக 10,620 ரூபாய். வசூலுக்கு ஒருவர் வருவார். நானும் செயலாளரும் கையெழுத்துப் போட்டுவைத்த செக்கை வாங்கிக்கொண்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்துவந்தது.

ஒரு நாள் மாலை மின்னஞ்சல் ஒன்று வந்தது. எங்கள் கட்டண முறை மாறிவிட்டது, நாளை முதல் கீழே உள்ள இணைப்பில் மட்டுமே பணம் செலுத்துங்கள், பழைய முறையில் கட்டும் பணம் ஏற்கப்படாது என்று மூன்றே வரிகள். அடியில் நீல நிறத்தில் நீளமான ஓர் இணைப்பு. அதற்குக் கீழே நான் முன்பின் பார்த்திராத ஒரு கைபேசி எண். படித்ததும் அழித்தேன். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், "இப்படி ஒரு மோசடி மெயில் சுற்றுகிறது, யாரும் தொடாதீர்கள்" என்று எச்சரிக்கையும் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், உங்க சங்கத்து பில் நிலுவையில இருக்கு. போர்ட்டல்ல கட்டச் சொல்லி மெயில் போட்டோமே, பாக்கலியா?"

"அது நீங்க அனுப்புனதாம்மா? மோசடின்னு நெனச்சு அழிச்சுட்டேனே."

"நெறைய பேர் அப்படித்தான் சார் சொல்றாங்க," என்றார் அவர்.

அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. ஆனால் அந்த மின்னஞ்சலை அழித்ததும் தவறில்லை என்றே நினைக்கிறேன். நேர்மையான ஒரு நிறுவனம் எழுதிய அறிவிப்பு, வரிக்கு வரி ஒரு மோசடிக் கடிதத்தைப் போல இருந்தது. இன்று சிறிய அச்சகம் முதல் ஆடிட்டர் அலுவலகம்வரை எல்லோரும் பில்லையும் வசூலையும் ஆன்லைனுக்குக் கொண்டுபோகிறார்கள். மென்பொருளை யோசித்து யோசித்து வாங்குகிறார்கள். அதை வாடிக்கையாளருக்கு அறிவிக்கும் கடிதத்தை மட்டும் கடைசி நாளில், பத்து நிமிடத்தில் எழுதுகிறார்கள்.

பில் மோசடி எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். திருடன் விற்பவருடைய மின்னஞ்சல் பெட்டிக்குள்ளோ வாங்குபவருடைய பெட்டிக்குள்ளோ நுழைந்துவிடுகிறான். உடனே எதுவும் செய்வதில்லை. யார் யாருக்கு பில் அனுப்புகிறார்கள், எவ்வளவு, எந்தத் தேதியில் பணம் போகும் என்று வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பான். பணம் கட்டும் நாள் நெருங்கும்போது, அதே பில் எண்ணையும் தொகையையும் போட்டு ஒரு கடிதம் வரும்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இங்கே கட்டுங்கள். பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது. பில் உண்மை, தொகை உண்மை. கணக்கு எண் ஒன்றுதான் பொய்.

பெரிய நிறுவனங்களே இதில் விழுந்திருக்கின்றன. லிதுவேனியா நாட்டைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமசாவ்ஸ்கஸ் என்பவர், தைவானின் குவான்டா என்ற கணினி உற்பத்தி நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துவைத்துக்கொண்டு, 2013 முதல் 2015 வரை ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் போலி பில்கள் அனுப்பினார். இரண்டு நிறுவனங்களும் குவான்டாவிடம் உண்மையிலேயே பொருள் வாங்கிக்கொண்டிருந்தவை. அதனால் பணம் போனது, 12 கோடி டாலருக்கும் மேல். 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. கணக்குப் பிரிவு, சட்டப் பிரிவு எல்லாம் வைத்திருந்த நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், வேலைக்கு நடுவே சங்கக் கணக்கையும் பார்க்கும் ஒரு பொருளாளரை யோசித்துப் பாருங்கள்.

இதில் நம் நாட்டு வங்கி நடைமுறை ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நெஃப்ட்டில் பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயரை நாம் எழுதுகிறோம். ஆனால் வங்கி பணத்தை வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான். பெயர் ஒன்றாகவும் எண் வேறாகவும் இருந்தால் பணம் எண்ணுக்குத்தான் போகும். இந்த ஓட்டையை அடைக்கத்தான், அனுப்புவதற்கு முன்பே அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவரும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. இன்று நெட் பேங்கிங்கில் புதிய கணக்கு எண்ணைச் சேர்க்கும்போது திரையில் அந்தப் பெயர் தெரியும். பலர் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

ஆக, நேர்மையான நிறுவனத்தின் முன்னால் இருக்கும் வேலை ஒன்றுதான். தன் கடிதம் திருடனுடையது அல்ல என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரிவிப்பது? சின்னத்தைப் பெரிதாகப் போட்டால் தெரியாது. அதை யாரும் நகலெடுக்கலாம். "இது அதிகாரப்பூர்வமான அறிவிப்பு" என்று எழுதினாலும் தெரியாது. திருடனும் அதையேதான் எழுதுவான். கடிதத்தில் உள்ள எதை வைத்தும் அந்தக் கடிதத்தைச் சரிபார்க்க முடியாது. வாடிக்கையாளரின் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை வைத்துத்தான் சரிபார்க்க முடியும். பழைய பில், பழைய ரசீது, வழக்கமாக வரும் ஆள், இவைதான் அவர் நம்பக்கூடியவை.

இதை மனத்தில் வைத்து ஒரு கடிதத்தை எழுதிப் பார்க்கலாம். மதுரையில் லிஃப்ட் பராமரிக்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். 180 வாடிக்கையாளர்கள், குடியிருப்புச் சங்கங்கள், கல்யாண மண்டபங்கள், துணிக்கடைகள், இரண்டு மூன்று மருத்துவமனைகள். 2026 ஜூலை 1 முதல் போர்ட்டலுக்கு மாற முடிவு செய்திருக்கிறார்கள். கடிதம் மே 15 அன்று, நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் அச்சாகிறது. அந்த வாரம் லிஃப்டுக்கு எண்ணெய் போட வரும் மெக்கானிக்கோ வசூலுக்கு வருபவரோ அதைக் கையில் கொடுக்கிறார். நிறுவனத்தின் இணையப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான் `example` என்று போட்டிருக்கிறேன்.

"அன்புள்ள பொருளாளர் அவர்களுக்கு, வணக்கம்.

2026 ஜூலை 1, புதன்கிழமை முதல் நாங்கள் போடும் பில்கள் எங்கள் ஆன்லைன் போர்ட்டலில் இருக்கும். பில்லை அங்கேயே பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், பணமும் கட்டலாம். ஜூன் 30 வரை தேதியிட்ட பில்களுக்கு இதுவரை கட்டியபடியே கட்டுங்கள். எங்கள் ஆள் வழக்கம்போல் வருவார்.

எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை. நீங்கள் இப்போது பணம் அனுப்பும் அதே கணக்குதான். கணக்கு மாறியதாக எங்கள் பெயரில் எந்தத் தகவல் வந்தாலும் நம்ப வேண்டாம்.

இந்தக் கடிதம் எங்களுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ள, உங்களிடம் உள்ள ஏப்ரல் பில்லின் தலைப்பில் இருக்கும் தொலைபேசி எண்ணை அழையுங்கள். அந்த எண்ணை இங்கே அச்சிடாதது வேண்டுமென்றேதான்.

பணம் கட்டும் முறை: பில் தயாரானதும் உங்கள் கைபேசிக்குத் தகவல் வரும். அதில் இணைப்பு எதுவும் இருக்காது. நீங்களே `pay.example.com` என்று தட்டச்சு செய்து போர்ட்டலைத் திறங்கள். பழைய பில்லில் உள்ள உங்கள் வாடிக்கையாளர் எண்ணைக் கொடுங்கள். எங்களிடம் பதிவாகியுள்ள கைபேசிக்கு ஓடிபி வரும். அதை அந்தப் பக்கத்தில் மட்டுமே இடுங்கள். திறந்ததும் உங்கள் முகவரியும் ஏப்ரல் பில்லின் எண்ணும் தொகையும் தெரியும். அவை கையில் உள்ள பில்லோடு பொருந்தாவிட்டால் பணம் கட்டாமல் எங்களை அழையுங்கள். பொருந்தினால் புதிய பில்லைத் தேர்ந்தெடுத்து யுபிஐ, நெட் பேங்கிங், கார்டு ஏதாவது ஒன்றில் கட்டலாம். ரசீது அப்போதே திரையில் வரும்.

எங்கள் ஊழியர் யாரும் ஓடிபியையோ யுபிஐ பின்னையோ கேட்க மாட்டார்கள். எந்தச் செயலியையும் இறக்கச் சொல்ல மாட்டோம். போர்ட்டலைப் பயன்படுத்த முடியாதவர்கள் ஜூலைக்குப் பிறகும் செக் கொடுக்கலாம்."

இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். இதன் உயிர் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. தொலைபேசி எண்ணைக் கடிதத்தில் போடாமல் விடுவது முதலில் அபத்தமாகத் தோன்றும். வாடிக்கையாளருக்கு வசதியாக இருக்கட்டும் என்று எல்லோரும் அதைத்தான் முதலில் போடுவார்கள். ஆனால் போலிக் கடிதத்தில் இருக்கும் எண்ணை அழைத்தால் எடுப்பவன் திருடன்தான். "ஆமாம் சார், நாங்கள்தான் மாற்றியிருக்கிறோம்" என்று பணிவாகச் சொல்வான். பழைய பில்லை எடுத்துப் பார்த்து அழைப்பவர் ஏமாறுவது மிகக் கடினம்.

இணைப்பு அனுப்பாமல், முகவரியைத் தட்டச்சு செய்யச் சொல்வதற்கும் அதே காரணம்தான். `pay.example.com` என்பதும் `pay-example.com` என்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். நடுவில் புள்ளி இருந்தால் அது example.com வைத்திருப்பவரின் பக்கம். புள்ளிக்குப் பதில் சிறு கோடு வந்துவிட்டால் அது முற்றிலும் வேறொரு முகவரி, அதை யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். கைபேசித் திரையில் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எல்லோராலும் முடியாது. அச்சிட்ட தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்பவருக்கு அந்தச் சிக்கலே வராது. ஒருமுறை திறந்ததும் புக்மார்க் செய்துகொண்டால் அடுத்த முறை அந்த உழைப்பும் மிச்சம்.

வங்கிக் கணக்கு மாறவில்லை என்ற வரியைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ட்டல் விற்பவர்கள் கூடவே இன்னொரு வசதியையும் தருவார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக ஒரு மெய்நிகர் கணக்கு எண். அந்த எண்ணுக்கு நெஃப்ட்டில் வரும் பணம் யாருடையது என்று மென்பொருள் தானே கண்டுபிடித்துவிடும். கணக்கர் பாஸ்புக்கோடு போராட வேண்டியதில்லை. நல்ல வசதிதான். ஆனால் போர்ட்டலோடு சேர்த்தே அதையும் கொண்டுவந்தால், புதிய இணையதளம், புதிய கணக்கு எண் என்று இரண்டு மாற்றங்கள் ஒரே கடிதத்தில் வரும். மோசடிக் கடிதத்தின் அடையாளமே அதுதான். போர்ட்டல் நிலைபெற்று, வாடிக்கையாளர்கள் உள்ளே வந்து பழகியபின், ஆறு மாதம் கழித்துக் கணக்கு எண்ணை மாற்றிக்கொள்ளலாம். அதுவரை பழைய கணக்குக்கே நெஃப்ட் வரட்டும், குறிப்பில் பில் எண்ணைப் போடச் சொன்னால் போதும்.

இனி தேதி. ஏன் ஜூலை 1?

பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றுவது ஏப்ரல் 1. புதிய நிதியாண்டு, புதிய பில் வரிசை, புதிய முறை என்று கேட்க அழகாக இருக்கும். நடைமுறையில் அதைவிட மோசமான நாள் கிடையாது. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் கணக்கர்கள் ஆண்டுக் கணக்கை முடிக்கும் அவதியில் இருப்பார்கள். ஏப்ரல் 1 அன்று ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக வங்கிக் கிளைகளில் வாடிக்கையாளர் சேவை இருக்காது. அந்த நேரத்தில் உங்கள் போர்ட்டலில் எப்படி நுழைவது என்று பார்க்க யாருக்கும் பொழுதிருக்காது.

மாதத்தின் நடுவில், 15-ஆம் தேதி மாதிரி ஒரு நாளில் மாறுவதும் வம்புதான். மாதாமாதம் கணக்குக் கொடுக்கும் நிறுவனம் அந்த மாதம் போட்ட பில்களையெல்லாம் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் காட்ட வேண்டும். பாதி பில்கள் பழைய மென்பொருளிலும் பாதி போர்ட்டலிலும் இருந்தால் இரண்டையும் கையால் ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டும்போது ஏதாவது ஒரு பில் விடுபடும், அல்லது இரண்டு முறை ஏறும். விடுபட்ட பில்லுக்கு, அதை வாங்கிய துணிக்கடைக்காரரின் கணக்கில் வரி வரவு தெரியாது. அவர் போன் செய்து கேட்கும்போதுதான் உங்களுக்கே தெரியவரும். ஜூன் 30-ஓடு பழையது முடிந்து ஜூலை 1-இல் புதியது தொடங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. ஜூலை 1 ஒரு காலாண்டின் தொடக்கமும்கூட. டிடிஎஸ் கணக்குகள் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கலாவதால் அதற்கும் அது ஒத்துவரும்.

நிதியாண்டின் நடுவில் மாறினால் பில் எண் என்ன ஆகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது, அந்த நிதியாண்டில் அதே எண் மறுபடி வரக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளத் தடையில்லை. பழைய வரிசை `LM/26-27/0212` என்று நின்றால், போர்ட்டலின் வரிசையை `LP/26-27/0001` என்று தொடங்கலாம். பார்த்த உடனே எது பழைய பில், எது போர்ட்டல் பில் என்று வாடிக்கையாளருக்கும் தெரிந்துவிடும்.

மாற்றத் தேதியை அறிவிக்கும்போது எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஜூலை 1 என்றால் எந்த ஜூலை 1? பணம் கட்டும் தேதியா, பில்லின் தேதியா? "ஜூலை 1 முதல் போர்ட்டலில் மட்டுமே பணம் கட்ட வேண்டும்" என்று எழுதினால், ஏப்ரல் பில்லை இன்னும் கட்டாத சங்கம் என்ன செய்யும்? அந்த பில் போர்ட்டலில் இருக்குமா, இருக்காதா? பில்லின் தேதியை வைத்து முடிவு செய்வதுதான் குழப்பமில்லாத வழி. ஜூன் 30 வரை போட்ட பில் எப்போது கட்டினாலும் பழைய முறைதான். ஜூலை 1-க்குப் பிறகு போட்டது போர்ட்டல். இந்த ஒரு வரியைத் தெளிவாக எழுதிவிட்டால் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளில் பாதி குறைந்துவிடும்.

அப்படி எழுதாமல் பழைய நிலுவையையும் போர்ட்டலில் ஏற்றிவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒரு சங்கம் ஜூன் 29 அன்று 10,620 ரூபாய்க்குச் செக் கொடுக்கிறது. செக் வசூலுக்கு வந்தவரின் பையில் இருக்கிறது. ஜூலை 1 காலை போர்ட்டல் தன் வேலையைத் தொடங்கி, நிலுவையில் உள்ள எல்லோருக்கும் தானாகவே நினைவூட்டல் அனுப்புகிறது. செக் கொடுத்தது செயலாளர். நினைவூட்டல் வந்தது பொருளாளருக்கு. அவர் உடனே யுபிஐயில் 10,620 கட்டிவிடுகிறார். இரண்டு நாள் கழித்துச் செக்கும் வரவாகிறது. ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம். திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். சங்கத்தின் பொதுக்குழுவில் யாராவது ஒருவர் இதைக் கேள்வியாக்காமல் விடமாட்டார். அதனால் தானியங்கி நினைவூட்டலை முதல் இரண்டு வாரங்களுக்கு நிறுத்திவைப்பது நல்லது. ஜூன் 15-க்குள் ஒவ்வொருவருக்கும் நிலுவைக் கணக்கைத் தாளில் அனுப்பி, சரிதானா என்று ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

டிடிஎஸ் விஷயத்தில் போர்ட்டல்கள் அடிக்கடி சறுக்குகின்றன. நான்கு லிஃப்ட் உள்ள ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். காலாண்டுப் பராமரிப்புக் கட்டணம் 40,000 ரூபாய், ஜிஎஸ்டி 7,200, மொத்தம் 47,200. மருத்துவமனை ஒரு கம்பெனி. கூட்டு நிறுவனமான நம் லிஃப்ட்காரருக்கு ஒப்பந்தப் பணிக்காகப் பணம் கொடுக்கும்போது அது 2 சதவீதம் வருமான வரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருப்பதால், பிடிப்பது 40,000-க்கு மட்டும்தான், அதாவது 800 ரூபாய். கையில் வர வேண்டியது 46,400. ஆனால் பல போர்ட்டல்களில் "செலுத்து" பொத்தானில் 47,200 என்று அச்சாகியிருக்கும். அதை மாற்றவே முடியாது. மருத்துவமனையின் கணக்கர் என்ன செய்வார்? முழுத் தொகையைக் கட்ட அவருக்கு அதிகாரம் இல்லை. போர்ட்டலை மூடிவிட்டுப் பழையபடி நெஃப்ட்டில் அனுப்பிவிடுவார். அல்லது 46,400 கட்ட வழி இருந்து, பிடித்த வரியைக் குறிப்பிட இடம் இல்லாவிட்டால், 800 ரூபாய் பாக்கி என்று மாதம்தோறும் அவருக்கு நினைவூட்டல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நல்ல வாடிக்கையாளரைக் கோபப்படுத்த இதைவிட எளிய வழி இல்லை. போர்ட்டலை வாங்கும் முன்பே, வரி பிடித்த தொகையை இட ஒரு கட்டம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் அதைக் கடிதத்திலும் ஒரு வரி சொல்லுங்கள்.

சங்கங்களின் சிக்கல் வேறு. செக்கில் இரண்டு கையெழுத்து என்பது அவர்களுடைய விதி. போர்ட்டலில் ஒருவர் கைபேசியை எடுத்து யுபிஐயில் கட்டிவிட்டால், இரண்டாவது கையெழுத்து எங்கே? பொருளாளர் தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்டிவிட்டுச் சங்கத்திடம் திரும்ப வாங்கிக்கொள்வதும் நடக்கிறது, அது தணிக்கையில் கேள்வியாகும். வங்கியில் கேட்டால் சங்கக் கணக்குக்கு இருவர் ஒப்புதலுடன் கூடிய நெட் பேங்கிங் வாங்கலாம்; ஒருவர் பதிவு செய்வார், மற்றவர் தன் கைபேசியிலிருந்து ஒப்புதல் கொடுத்தபின்தான் பணம் நகரும். ஆனால் அதற்குச் சங்கத்தின் தீர்மானமும் வங்கிப் படிவங்களும் வேண்டும், சில வாரங்கள் ஆகும். மே மாதமே கடிதம் கொடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். முந்தைய நாள் அறிவித்துவிட்டு, மறுநாள் கட்டு என்றால் சங்கங்களால் நேர்மையாகக் கட்டவே முடியாது.

கையெழுத்தும் சீலும் இல்லாத பில்லை வாங்கி வைக்கலாமா என்றும் கேட்பார்கள். மின்னணு முறையில் வழங்கும் ஜிஎஸ்டி பில்லுக்குக் கையெழுத்து கட்டாயமில்லை என்று விதியே இருக்கிறது. அதைக் கேட்பவருக்குச் சொன்னால் போதும், கடிதத்தில் எழுத வேண்டியதில்லை.

கடிதம் அச்சுக்குப் போகும் முன் முதலாளியே தன் கைபேசியிலிருந்து பத்து ரூபாய் கட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ஒரு விஷயம் கண்ணில் படும். போர்ட்டலில் கட்டும் பணம் நேராக நிறுவனத்தின் கணக்குக்கு வருவதில்லை. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற ஓர் இடைநிலை நிறுவனம் அதை வாங்கி, ஓரிரு நாளில் உங்கள் கணக்கில் சேர்க்கிறது. அதனால் கட்டியவரின் வங்கிக் கணக்கு அறிக்கையில் உங்கள் பெயருக்குப் பதில் அந்த இடைநிலை நிறுவனத்தின் பெயர் வரலாம். முதல் முறை அதைப் பார்ப்பவர் திடுக்கிடுவார். என்ன பெயர் வருகிறது என்று சோதித்துப் பார்த்து, அதை அப்படியே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் உண்டா, அதை யார் ஏற்கிறார்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக யுபிஐயில் கட்டினால் அந்தக் கட்டணம் இல்லை; 2020 ஜனவரி முதல் அதற்கு வணிகரிடமும் பிடிப்பதில்லை.

180 பேரில் எல்லோரும் ஜூலையிலேயே போர்ட்டலுக்கு வந்துவிட மாட்டார்கள். ஜூலை 15-க்குள் யார் உள்ளே நுழையவில்லை என்று போர்ட்டலே பட்டியல் கொடுக்கும். அவர்களுக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை. முதல் கடிதத்தை நம்பாதவர் இரண்டாவதையும் நம்பமாட்டார். வழக்கமாக அவர்களைப் பார்க்கும் மெக்கானிக்கையோ வசூல்காரரையோ அனுப்பி, எதிரில் உட்கார்ந்து ஒருமுறை திறந்துகாட்டச் சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்தில் கடைசியில் நடந்ததும் அதுதான். பல ஆண்டுகளாகச் செக் வாங்கிப்போனவர் வந்து, "நம்ம ஆபீஸ்தான் சார், பயப்படாதீங்க" என்று சொல்லித் தன் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்துகாட்டினார். அன்று மாலையே கட்டிவிட்டோம்.

உங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வரும், இன்றில்லாவிட்டால் அடுத்த மாதம். வந்தால் அதில் உள்ள எண்ணையும் இணைப்பையும் தொடாமல், பீரோவில் இருக்கும் பழைய பில்லை எடுத்து, அதன் தலைப்பில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். பணம் தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்தால், யோசித்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். திருடன் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் அதை முடக்கிவைக்க முடிகிற ஒரே நேரம் அதுதான்.